நடுத்தரக் கார்டு சொல்லும் சேதி

"சிக்னல்னு ஒண்ணும் கிடையாது தம்பி. பேக்ல இருக்கிறதுல நல்ல கார்டை எடு, அடுத்தவனுக்குக் கொடு. அவன் ஏன் விட்டான்னு யோசிச்சா தலைவலிதான் மிச்சம்." எங்கள் கும்பகோணம் ஜமாவில் வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் டிராஃப்ட் முடிந்த பிறகு இப்படிச் சொன்னார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு கலைந்துவிட்டோம். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் அடங்கவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் காரணம். மீதிப் பாதி ஏன் உண்மையில்லை என்பதை எழுதித்தான் தெளிவுபடுத்திக்கொள்ள முடியும் என்று தோன்றியது.

மேஜிக் த கேதரிங் என்கிற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு டிராஃப்ட்டை விளக்க வேண்டியதில்லை. புதிதாக வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி மட்டும். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு மூன்று பேக் வைத்துக்கொள்வோம். முதல் பேக்கைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இடப்பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்போம். அதே நேரத்தில் வலப்பக்கத்தில் இருப்பவர் தன் மிச்சத்தை நம்மிடம் கொடுப்பார். பேக் தீரும்வரை இப்படியே சுற்றும். ஒவ்வொரு முறை கார்டு எடுப்பதும் ஒரு பிக். இரண்டாவது பேக் எதிர்த்திசையில் போகும், மூன்றாவது மறுபடி இடப்பக்கமாக. கடைசியில் கையில் இருப்பதை வைத்து 40 கார்டு டெக் கட்டி ஆட வேண்டும். ஐந்து நிறங்களில் இரண்டைத்தான் பெரும்பாலும் ஆட முடியும். எந்த இரண்டு என்பதுதான் கேள்வி. வலப்பக்கத்தில் இருப்பவர்கள் தொடாத நிறம் எதுவோ அது நமக்கு ஓப்பன். அதைப் பேசாமல், கேட்காமல், வந்து சேரும் மிச்சத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பதைத்தான் சிக்னல் படிப்பது என்கிறோம்.

டெல்டாக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிய வித்தையில்லை. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர், வாய்க்காலில் வருகிற தண்ணீரை வைத்தே மேலே யார் மடையைத் திறந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடுவார். டிராஃப்ட்டில் நாம் எல்லோருமே யாரோ ஒருவருக்குக் கடைமடை. ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு. தண்ணீர் குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். பேக்கிலோ என்ன மாதிரியான கார்டு குறைந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். இன்னொன்று, இரண்டாவது பேக்கில் வாய்க்கால் திரும்பி ஓடுகிறது. அதுவரை நமக்குக் கீழே இருந்தவர் மேலே வந்துவிடுகிறார். இந்த இரண்டாவது வித்தியாசத்தில்தான் அன்றைய டிராஃப்ட்டே தீர்மானமாயிற்று.

எத்தனை பேர் விட்டுவிட்டு வந்தது?

அன்றைக்குப் பிரித்தது 2018இல் வந்த டொமினாரியா செட். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். பெட்டியில் 36 பேக், எட்டுப் பேருக்கு 24 போதும். திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தோம். அந்தக் காலத்து பேக்கில் 15 கார்டு: பத்து காமன், மூன்று அன்காமன், ஒரு ரேர், ஒரு நிலம். காமன் சாதாரணமாகக் கிடைப்பது, அன்காமன் அதைவிட அரிது, ரேர் இன்னும் அரிது. இப்போது வருகிற ப்ளே பூஸ்டரில் கணக்கு வேறு, அதில் 14தான். பழைய பேக்கின் இந்த நிலையான கணக்கு சிக்னல் படிக்க ரொம்ப உதவும். எது காணோம் என்பதை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதல் பேக்கில் எனக்கு வந்தவற்றில் செர்ரா ஏஞ்சல் இருந்தது. மானா என்பது நிலங்கள் தருகிற சக்தி, கார்டை இறக்கக் கொடுக்கும் விலை. ஐந்து மானாவுக்குப் பறக்கும் 4/4 உயிரினம், அதாவது தாக்கும் பலம் நான்கு, தாங்கும் பலம் நான்கு, வெள்ளை, அன்காமன். யோசிக்காமல் எடுத்தேன். ஆனால் பேக்கைக் கொடுப்பதற்கு முன்னால் மற்ற காமன்களை நிறவாரியாக மனதில் பதித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் நினைவில் வைக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. சிவப்பில் இரண்டு: ஷிவன் ஃபயர், கெல்டன் ரெய்டர். கறுப்பில் மூன்று: எவிசரேட், டெத்ப்ளூம் தாலிட், கலிகோ ஸ்கின்விட்ச். பச்சையில் இரண்டு: பேலோத் கோர்ஜர், மாமத் ஸ்பைடர். நீலத்தில் இரண்டு, வெள்ளையில் ஒன்று. இவ்வளவுதான். இது ஏன் வேண்டும் என்பது ஒன்பதாவது பிக்கில் தெரியும்.

இரண்டாவது பிக்குக்கு வந்த பேக்கை என் வலப்பக்கத்துத் தம்பி பிரித்திருந்தார். ரேர் அப்படியே இருந்தது. மூன்று அன்காமனும் இருந்தன. ஆக, எடுக்கப்பட்டது ஒரு காமன். ரேரையும் மூன்று அன்காமனையும் ஒதுக்கிவிட்டு ஒரு காமனை எடுக்கிறார் என்றால் அது அனேகமாக எதிரியின் உயிரினத்தைக் கொல்லும் கார்டாக இருக்கும். மிச்சம் இருந்த ஒன்பது காமன்களில் நான்கு நிறங்கள் இருந்தன, சிவப்பு மட்டும் இல்லை. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு காமனாவது வருகிற மாதிரிதான் பேக்குகள் பெரும்பாலும் அமையும். எனவே அவர் எடுத்தது சிவப்பு என்று ஊகித்தேன். ஷிவன் ஃபயராக இருக்கலாம். இது சந்தேகம்தான். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு முறை எடுத்ததை வைத்து அதற்குமேல் சொல்ல முடியாது.

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டாவது பிக்கிலேயே ஒரு பிரமாதமான கறுப்புக் கார்டு வந்துவிட்டால் "கறுப்பு ஓப்பன்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் கார்டை விட்டவர் ஒரே ஒருவர், அதைவிடப் பிடித்த ஒன்றை அவர் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். பிக்கின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்தக் கார்டை எத்தனை பேர் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரியும். இரண்டாவது பிக் என்றால் ஒருவர். ஆறாவது பிக் என்றால் ஐந்து பேர், வட்டத்தில் பாதிக்கு மேல். சிக்னலின் பலம் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

மூன்றாவது பிக்கில் ஐசி மனிபுலேட்டர் எடுத்தேன். அது நிறமில்லாத கார்டு, எந்த டெக்கிலும் உட்காரும். எதிலும் இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை என்பது அந்த நேரத்தில் பெரிய வசதி. ஐந்தாவது பிக்கில் விஷஸ் ஆஃபரிங் வந்தது. இரண்டே மானாவில் சின்ன உயிரினத்தைக் கொல்லும் கறுப்புக் காமன். நான்கு பேர் விட்டிருக்கிறார்கள். சரி, எடுத்து வைப்போம் என்று எடுத்தேன்.

ஆறாவது பிக்கில் எவிசரேட்டும் தாலிட்டும் சேர்ந்து ஒரே பேக்கில் வந்தன. எவிசரேட் நான்கு மானாவுக்கு எந்த உயிரினத்தையும் அழிக்கும். டெத்ப்ளூம் தாலிட் மூன்று மானாவுக்கு 3/2, செத்தால் ஒரு 1/1ஐ விட்டுவிட்டுப் போகும். முதலாவது நட்சத்திரம். இரண்டாவது உழைப்பாளி. எல்லாக் கறுப்பு டெக்கிலும் வேண்டிய கார்டுதான், ஆனால் அதைப் பார்த்து யாரும் நிறம் மாற மாட்டார்கள். காணாமல் போனவற்றை எண்ணினேன்: ரேர், இரண்டு அன்காமன், இரண்டு காமன். மிச்சத்தில் சிவப்பு ஒன்றுகூட இல்லை. எவிசரேட்டை எடுத்தேன்.

எவிசரேட் ஒன்று மட்டும் வந்திருந்தால் நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். அந்த பேக்கில் அதைவிட நல்ல ஐந்து கார்டுகள் இருந்திருக்கலாம், ஐந்து பேரும் அவற்றை எடுத்திருக்கலாம். அதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வலப்பக்கம் கறுப்பு ஆடும் ஆள் ஒருவர் இருந்தால் நான்காவது, ஐந்தாவது பிக்கில் இந்த இரண்டில் ஒன்றையாவது எடுத்திருப்பார். இரண்டுமே தப்பி வந்ததுதான் எனக்குச் சேதி.

வட்டம் சுற்றி வந்த பேக்

எட்டுப் பேர் ஆடும்போது முதலில் பிரித்த பேக் ஒன்பதாவது பிக்கில் நம்மிடமே திரும்பி வரும். இதை வீல் என்பார்கள். என்னையும் சேர்த்து எட்டுப் பேர் எட்டுக் கார்டு எடுத்திருப்பதால் ஏழு மிச்சம், அதில் ஒன்று நிலம். இரண்டு முதல் எட்டு வரையிலான பிக்குகளில் நமக்குத் தெரிவது வலப்பக்கத்தின் ரசனை மட்டும். பேக்கில் முதலில் என்ன இருந்தது என்பதும் தெரியாது. வீலில் தெரிவது மொத்த வட்டத்தின் ரசனை, அதுவும் முழுக் கணக்கோடு. டிராஃப்ட்டின் ஆகப் பெரிய தகவல் இதுதான். ஆனால் பலர் இந்த நேரத்தில், "இதில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை" என்று எதையாவது எடுத்துவிட்டு நகர்கிறார்கள். எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். படிப்பதற்கு நிறைய இருக்கும்.

என் பேக் திரும்பி வந்தபோது சிவப்பு இரண்டும் போயிருந்தன. பச்சையில் கோர்ஜர் போய் ஸ்பைடர் மிச்சம். நீலத்தில் ஒன்று போயிருந்தது. ரேரும் ஒரு அன்காமனும் காணோம். கறுப்பில் எவிசரேட் மட்டும் போயிருந்தது. தாலிட் இருந்தது, ஸ்கின்விட்ச்சும் இருந்தது.

கையில் அந்த ஏழு கார்டையும் விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கத்துத் தம்பி அடுத்த பேக்கை என் முழங்கால் பக்கத்தில் வைத்துவிட்டு, "அண்ணே, நேரமாகுது" என்றார். என் மனதில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இது. அந்த எவிசரேட்டை யார் எடுத்திருப்பார்?

வட்டத்தில் என்னைத் தவிர ஏழு பேர். ஆறாவது பிக்கில் வந்த பேக்கைப் பிரித்தவர் எனக்கு வலப்பக்கம் ஐந்தாவது ஆள். அவர் தொடங்கி என் பக்கத்துத் தம்பி வரை ஐந்து பேரும் அதில் இருந்த எவிசரேட்டைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றை எடுத்தவர்கள். அந்த பேக்கைப் பார்க்காத இருவர் மட்டும் பாக்கி: எனக்கு இடப்பக்கம் முதல் ஆளும் இரண்டாவது ஆளும். என் முதல் பேக் போனது அவர்கள் இருவரிடம்தான் முதலில். ஷிவன் ஃபயரும் எவிசரேட்டும் அவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது பிக்கில் கிடைத்திருக்கும். ஆக, அனேகமாக அவர்களில் ஒருவர் சிவப்பை எடுத்திருக்கிறார், இன்னொருவர் கறுப்பை எடுத்திருக்கிறார். எவிசரேட்டை ஆறாவது பிக்கில் விட்ட ஐவரில் ஒருவர் வேறொரு நேரத்தில் எடுத்திருக்கவும் கூடும், ஆனால் வாய்ப்பு குறைவு.

இதிலிருந்து அடுத்த இரண்டு பேக்குக்கும் ஒரு முன்கணிப்பு கிடைத்தது. இரண்டாவது பேக் எனக்கு இடப்பக்கத்திலிருந்து வரும். அங்கே கறுப்பு ஆடுகிறவர் ஒருவர் இருக்கிறார், அதுவும் எனக்கு ஒட்டினாற்போல. எனவே கறுப்பு வறண்டுதான் வரும். மூன்றாவது பேக் மறுபடி வலப்பக்கத்திலிருந்து வரும். அங்கே ஐந்து பேர் எவிசரேட்டையும் தாலிட்டையும் விட்டிருக்கிறார்கள். கறுப்பு அப்போது தாராளமாக வரும். சிவப்பு வலப்பக்கத்துத் தம்பியிடமும் இடப்பக்கத்தில் ஒருவரிடமும் மாட்டியிருப்பதால் எந்தத் திசையிலும் வராது. வெள்ளையைப் பற்றி ஒரு கூடுதல் தகவல் இருந்தது. நல்ல வெள்ளை என்று வந்த இரண்டையும், செர்ரா ஏஞ்சலையும் இரண்டாவது பிக்கில் பெகசஸ் கோர்ஸரையும், நானே எடுத்துவிட்டேன். இடப்பக்கம் போனவற்றில் ஆசைப்படும்படி வெள்ளை எதுவும் இல்லை. எனவே இடப்பக்கத்தார் வெள்ளைக்குள் போயிருக்கக் காரணம் இல்லை, இரண்டாவது பேக்கில் அது எனக்கு வர வேண்டும்.

தாலிட்டை எடுத்துக்கொண்டு பேக்கைக் கொடுத்தேன்.

இரண்டாவது பேக்கில் கலங்காமல் இருப்பது

நடந்தது கிட்டத்தட்ட அப்படியே. இரண்டாவது பேக்கில் நல்ல கறுப்பு என்று சொல்லும்படி ஒன்றுகூட முதல் ஐந்தாறு பிக்கில் வரவில்லை. வெள்ளையில் மீசா யூனிகார்ன், ப்ளெஸ்ட் லைட் என்று வந்துகொண்டே இருந்தன. நான் எதிர்பார்க்காதது பச்சை. ஐந்தாவது பிக்கில் பேலோத் கோர்ஜர் வந்தது, அதற்கடுத்த பேக்கிலும் பச்சையில் நல்லதாக ஒன்று. கறுப்பை விட்டுவிட்டுப் பச்சைக்கு மாறிவிடலாமா என்கிற இழுப்பு அந்த இடத்தில் பலமாக இருக்கும். கையில் வராத நிறத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்றுதான் மனசு சொல்லும்.

மாறாமல் இருந்ததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. இரண்டாவது பேக்கில் கறுப்பு வராது என்று ஏற்கெனவே தெரியும். எதிர்பார்த்த வறட்சி புதுத் தகவல் ஆகாது. முதல் பேக்கில் வலப்பக்கத்திலிருந்து வந்த சேதி மூன்றாவது பேக்குக்கு இன்னும் செல்லுபடியாகும், ஏனென்றால் அதே ஆட்கள்தான் மறுபடி மேலே வரப்போகிறார்கள். இரண்டாவது பேக்கில் தெரிகிற பச்சை அந்த பேக்கோடு சரி. அதை நம்பி மாறினால் மூன்றாவது பேக்கில் வலப்பக்கத்தில் பச்சை ஆடுகிறவர் யாராவது இருந்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். முதல் பேக்கில் வலப்பக்கத்திலிருந்து பச்சை சுமாராகத்தான் வந்திருந்தது. அந்த கோர்ஜரை எடுத்து ஓரமாக வைத்தேன், அதற்குமேல் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொரு கணக்கும் தைரியம் கொடுத்தது. 40 கார்டு டெக்கில் 17 நிலம் போக 23 கார்டுதான் வேண்டும். நிலங்களைக் கழித்தாலும் மொத்தம் 42 கார்டு எடுக்கிறோம். அதாவது கிட்டத்தட்ட பாதி பிக்குகள் வீணானாலும் டெக் நிறைந்துவிடும். முதல் இரண்டு பிக்கைக் கைவிடப் பயப்படுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது பேக் முடியும்போது என்னிடம் ஆடக்கூடிய கார்டுகள் பதினான்கு இருந்தன. மூன்றாவது பேக்கில் ஒன்பது கிடைத்தால் போதும்.

மூன்றாவது பேக்கில் மூன்றாவது பிக்குக்கு காஸ்ட் டவுன் வந்தது. ஐந்தாவதுக்கு இன்னொரு எவிசரேட். எட்டாவதுக்கு இன்னொரு தாலிட். வெள்ளை கறுப்பு டெக் அங்கேயே முழுமையாகிவிட்டது.

அண்ணன் சொன்னதில் உள்ள பாதி

ஆட்டமெல்லாம் முடிந்து கார்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது என் கணக்கைச் சொன்னேன். இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த வங்கி அண்ணன்தான். தன் டெக்கைத் திருப்பிக் காட்டினார். கறுப்பும் நீலமும். என் முதல் பேக்கின் எவிசரேட் அதில் இருந்தது. அதுவரைக்கும் சந்தோஷம். அப்புறம் அவர், வலப்பக்கம் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு, "நீ ஏன்டா எவிசரேட்டை விட்ட?" என்று கேட்டார். மயிலாடுதுறையிலிருந்து ரயிலேறி வருகிற பையன், ஆட ஆரம்பித்து அதிக நாள் ஆகவில்லை. "அது ஒரு தடவை போட்டா முடிஞ்சுடுதுல்லண்ணே. நான் பறக்கிறதா பார்த்து எடுத்தேன்" என்றான். அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா? அவனுக்கு அந்தக் கார்டோட மதிப்பே தெரியாது. அவன் விட்டதை வச்சு நீ கணக்கு போட்டிருக்க. சரியா வந்தது அதிர்ஷ்டம்." அதற்குப் பிறகுதான், சிக்னல் என்று ஒன்று கிடையாது என்ற தீர்ப்பு.

இது லேசான ஆட்சேபம் அல்ல. சிக்னல் படிப்பது முழுக்க ஒரு அனுமானத்தின்மேல் நிற்கிறது: மற்றவர்களும் நம்மைப் போலத்தான் கார்டுகளை மதிப்பிடுகிறார்கள் என்பது அது. பழக்கமான ஆட்டக்காரர்கள் நடுவில் எவிசரேட் ஆறாவது பிக்கில் வந்தால், "இவர்கள் கறுப்பு ஆடவில்லை" என்று பொருள். புதியவர்கள் நடுவில் அதே கார்டு அதே பிக்கில் வந்தால், "இவர்களுக்கு எவிசரேட் தெரியாது" என்றும் பொருளாகலாம். கார்டு கிடைத்துவிட்டது, அது லாபம்தான். ஆனால் நிறம் ஓப்பனா என்பது அதிலிருந்து தெரியாது. மூன்று பேர் கறுப்பு உயிரினங்களாக அள்ளிக்கொண்டிருந்து, கொல்லும் கார்டுகளை மட்டும் விட்டிருக்கலாம். அப்படிப்பட்ட வட்டத்தில் கறுப்புக்குள் போனால் கையில் ஐந்து எவிசரேட் இருக்கும், ஆடுவதற்கு உயிரினம் இருக்காது. இந்த நிலைமையில் ஒருவர் திண்டாடியதை எங்கள் கூடத்திலேயே பார்த்திருக்கிறேன்.

அண்ணனுடைய பாதி உண்மை இதுதான். நான் அவரோடு பிரியும் இடம் அடுத்தது. அன்றைக்கு நான் நம்பியது எவிசரேட்டை அல்ல, தாலிட்டை. பறக்கிற உயிரினமாகப் பார்த்து எடுக்கிற பையனும் உயிரினங்களைத்தான் தேடுகிறான். அவன் கறுப்பில் இருந்திருந்தால் எவிசரேட்டை விட்டிருப்பான், தாலிட்டை விட்டிருக்க மாட்டான். மூன்று மானாவுக்கு 3/2 என்பது புதியவருக்கும் கண்ணில் படுகிற கார்டு. அது ஆறாவது பிக்கில் ஒரு முறையும், மொத்த வட்டத்தையும் சுற்றி ஒன்பதாவது பிக்கில் இன்னொரு முறையும் வந்தது. வலப்பக்கத்து ஐந்து பேரும் இரண்டு தடவை அதை விட்டிருக்கிறார்கள். கூடவே ஸ்கின்விட்ச்சும் திரும்பி வந்தது. மதிப்புத் தெரியாதவர் விட்டாரா, நிறம் வேண்டாதவர் விட்டாரா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது இப்படிப்பட்ட நடுத்தரக் கார்டுதான். நட்சத்திரக் கார்டைப் பற்றி ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். ஒரு நிறத்துக்குள் போய்விட்டவருக்குத் தேவைப்படுவதும், போகாதவர் தொடாததும் நடுத்தரக் கார்டு மட்டுமே. அதனால்தான் அது யார் எந்த நிறத்தில் இருக்கிறார் என்பதைச் சரியாகப் பிரித்துக் காட்டுகிறது.

கணினியில் ஆடுகிறவர்களுக்கு இதை அளந்து பார்க்க வசதி உண்டு. 17lands தளத்தில் பிற்பாடு வந்த செட்களின் ஒவ்வொரு கார்டுக்கும் ALSA என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், அந்தக் கார்டு சராசரியாக எத்தனையாவது பிக்கில் கடைசியாகக் கண்ணில் படுகிறது என்பது. மூன்று சொச்சம் ALSA உள்ள கார்டு ஏழாவது பிக்கில் வந்தால் அது செய்தி. எட்டுக்குமேல் ALSA உள்ள கார்டு ஏழாவதில் வந்தால் அது வழக்கம், செய்தி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண் ஆயிரக்கணக்கான முகம் தெரியாத ஆட்டக்காரர்களின் சராசரி. எங்கள் கூடத்தில் அது அப்படியே பொருந்தாது. இங்கே எட்டுப் பேரும் எட்டுப் பேருக்குத் தெரிந்தவர்கள். வலப்பக்கத்துத் தம்பிக்குச் சிவப்புப் பைத்தியம். மயிலாடுதுறைப் பையனுக்குப் பறக்க வேண்டும். நன்னிலத்திலிருந்து வருகிற ஒருவர் எந்த செட்டானாலும் பச்சையில்தான் தொடங்குவார். சிவப்புத் தம்பியிடமிருந்து நல்ல சிவப்புக் கார்டு ஒன்று நான்காவது பிக்கில் வந்தால் அது வேறு யாரிடமிருந்து வருவதையும்விடப் பெரிய சேதி. நன்னிலத்துக்காரர் பச்சையை எடுத்தால் அதில் சேதியே இல்லை, அது எப்போதும் நடப்பது. ஒரே கார்டு ஒரே பிக்கில் வந்தாலும் யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து எடை மாறுகிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. பெட்டியில் மிச்சமிருந்த 12 பேக்கை வைத்து இன்னொரு நாள் நான்கு பேர் ஆடினோம். நான்கு பேர் என்றால் பேக் ஐந்தாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது பிக்கில் திரும்பத் திரும்ப நம்மிடமே வந்து நிற்கும். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். மூன்றே பேரின் ரசனைக்குள் சுருங்கிப்போகும்போது ஐந்து நிறத்தில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடக்கும், அதை எடுக்கக் கணக்கே தேவையில்லை. சிக்னல் படிப்பதற்கு எட்டு பேர் வட்டம்தான் சரியான அளவு. ஆறு பேர் வரைக்கும் தாங்கும்.

அண்ணனிடம் தாலிட் விஷயத்தைப் பிறகு ஒரு நாள் மகாமகக் குளக்கரையில் நின்று விலாவாரியாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "ரெண்டு தடவை சுத்தி வந்துச்சா?" என்று மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டார். சம்மதித்தாரா என்று தெரியாது. ஆனால் அதற்கடுத்த டிராஃப்ட்டில் அவர் என் வலப்பக்கம் உட்கார நேர்ந்தது. முதல் பேக்கில் கறுப்பு நடுத்தரக் கார்டுகள் ஒன்றுகூட எனக்கு வரவில்லை, நட்சத்திரங்கள் மட்டும் இரண்டு வந்தன. அவர் கறுப்பில் இருந்தாரா, அல்லது எனக்குத் தெரிய வேண்டாம் என்று அவற்றை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டாரா என்பதை அன்றைய வீல் வரும்வரை என்னால் சொல்ல முடியவில்லை. வீலில் ஸ்கின்விட்ச் போயிருந்தது. அதை வேண்டுமென்று யாரும் எடுக்க மாட்டார்கள், டெக்கில் இடம் இருப்பவர்தான் எடுப்பார். நான் அந்த இரண்டு நட்சத்திரங்களையும் ஓரங்கட்டிவிட்டு நீலத்துக்குப் போனேன்.